918 கோடி ரூபாய் எந்த ஆண்டின் வருவாய்?

*தேஹு ரோடு அருகே முடியும் விரைவுச்சாலையின் சுங்க ஒப்பந்தங்கள் இரண்டு, பல்லாண்டுச் சேவைக்கு முன்னதாகவே கிடைக்கும் பணத்தை ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதும் கணக்கியல் விதியைத் தெளிவாகக் காட்டுகின்றன.*

களம்போலியில் தொடங்கும் மும்பை–புனே விரைவுச்சாலை 94.5 கிலோமீட்டர் ஓடி, தேஹு ரோடு கன்டோன்மென்டை அடுத்த கிவளேயில் முடிகிறது. 2002-ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்ட இச்சாலையிலும், இதற்கு இணையாகச் செல்லும் பழைய மும்பை–புனே நெடுஞ்சாலையிலும் சுங்கம் வசூலித்துப் பராமரிக்கும் உரிமையை, மகாராஷ்டிர மாநிலச் சாலை மேம்பாட்டுக் கழகம் 2004 ஆகஸ்டில் ஐ.ஆர்.பி. குழுமத்தைச் சேர்ந்த ம்ஹைஸ்கர் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் நிறுவனத்துக்கு 15 ஆண்டுகளுக்கு அளித்தது. அதற்கு ஈடாகக் கழகம் பெற்ற முன்பணம் 918 கோடி ரூபாய். பணம் ஒப்பந்தத் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பணத்துக்குப் பதிலாக அளிக்க வேண்டிய சாலை உரிமையோ 2019 ஆகஸ்ட் வரை ஒவ்வொரு நாளும் அளிக்கப்பட வேண்டியதாக இருந்தது. அப்படியானால் அந்த 918 கோடி எந்த ஆண்டின் வருவாய் என்பதே கணக்கியல் எழுப்பும் கேள்வி.

வங்கிக் கணக்கில் பணம் ஏறிய ஆண்டையே வருவாயின் ஆண்டாகக் கொண்டால், 2004–05-இல் மாபெரும் லாபமும், அடுத்து வரும் ஆண்டுகளில் அதே சாலையிலிருந்து ஒரு ரூபாய்கூட வருவாய் இல்லாத நிலையும் ஏடுகளில் தோன்றும். சாலையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும், ஒப்பந்தமும் நடைமுறையில் இருக்கும், கணக்கு மட்டும் எதுவும் நடக்காததுபோல் காட்டும். இந்த முரண்பாட்டைத் தவிர்ப்பதற்காகவே வரவையும் வருவாயையும் கணக்கியல் தனித்தனியே வைக்கிறது. வரவு என்பது பணம் கைக்கு வருவது. வருவாய் என்பது அந்தப் பணத்துக்கு ஈடான கடமையை நிறைவேற்றி அதை ஈட்டுவது. இவ்விரண்டும் ஒரே நாளில் நிகழ வேண்டிய கட்டாயம் இல்லை.

இங்கே தரப்படும் கணக்குகள் எந்த நிறுவனத்தின் ஏடுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. பொதுவெளியில் அறியப்பட்ட ஒப்பந்தத் தொகைகளின்மீது இன்றைய விதிகளைப் பொருத்திப் பார்க்கும் விளக்கக் கணக்குகளே ஆகும்.

கடமை எப்போது நிறைவேறுகிறது?

இந்தியாவில் இக்கேள்விக்கு இன்று விடையளிப்பது, 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இண்ட் ஏ.எஸ். 115 என்னும் கணக்கியல் தரநிலை. 2014-இல் வெளியான ஐ.எஃப்.ஆர்.எஸ். 15 என்ற பன்னாட்டுத் தரநிலையை அடியொற்றிய இது, ஐந்து படிகளை வகுக்கிறது: ஒப்பந்தத்தை இனங்காண்பது, அதில் உறுதியளிக்கப்பட்ட கடமைகளைப் பிரித்தறிவது, மொத்த விலையைத் தீர்மானிப்பது, அவ்விலையைக் கடமைகளுக்கிடையே பங்கிடுவது, ஒவ்வொரு கடமையும் நிறைவேறும்போது அதன் பங்கை வருவாயாக எழுதுவது. முதல் நான்கு படிகளும் எவ்வளவு என்பதைச் சொல்ல, எப்போது என்பதை ஐந்தாம் படி சொல்கிறது. பல்லாண்டு ஒப்பந்தங்களில் சர்ச்சை பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில்தான் எழுகிறது.

கடமை ஒரு குறிப்பிட்ட கணத்தில் நிறைவேறுகிறதா, காலப்போக்கில் சிறிது சிறிதாக நிறைவேறுகிறதா என்பதை அறிய மூன்று சோதனைகள் உண்டு. சேவை அளிக்கப்பட அளிக்கப்பட, வாடிக்கையாளர் அதன் பயனை உடனுக்குடன் துய்த்துவிடுகிறாரா என்பது முதல் சோதனை. வாடிக்கையாளரின் கட்டுப்பாட்டில் உள்ள ஒரு சொத்து, செய்யப்படும் வேலையால் உருவாகிறதா அல்லது மேம்படுகிறதா என்பது இரண்டாவது. வேறு எவருக்கும் பயன்படாத ஒன்றை உருவாக்கும் நிறுவனத்துக்கு, அதுவரை முடித்த வேலைக்குப் பணம் பெறும் உரிமை சட்டப்படி இருக்கிறதா என்பது மூன்றாவது. இவற்றுள் ஏதேனும் ஒன்று பொருந்தினாலே வருவாயைக் காலப்போக்கில் பிரித்து எழுத வேண்டும். எதுவும் பொருந்தாவிட்டால் மட்டுமே கட்டுப்பாடு கைமாறும் அந்த ஒரு நாளில் முழுவதையும் எழுதலாம்.

சாலை உரிமைக்கு முதல் சோதனையே போதுமானது. இன்று சாலை திறந்திருப்பதன் பயன் இன்றே தீர்ந்துவிடுகிறது. நாளைய பயனுக்கு நாளையும் சாலை கிடைக்க வேண்டும். இண்ட் ஏ.எஸ். 115-இன் சேவைச் சலுகை ஒப்பந்தங்கள் பற்றிய பின்னிணைப்பு, உரிமையைப் பெற்று நடத்தும் நிறுவனத்தின் கணக்கை மட்டுமே பேசுகிறது. உரிமையை அளிக்கும் அரசு அமைப்பின் கணக்கைப் பேசுவதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப, பொதுத்துறைக்கான பன்னாட்டுத் தரநிலைகளில் 2011-இல் வெளியான ஐ.பி.எஸ்.ஏ.எஸ். 32 வழிகாட்டுகிறது. பயனாளரிடம் கட்டணம் வசூலிக்கும் உரிமையை ஈடாக அளிக்கும் அமைப்பு, இன்னும் ஈட்டாத பகுதியைப் பொறுப்பாக எழுதி, உரிமை துய்க்கப்படும் காலம் முழுவதும் அதை வருவாயாக மாற்றிக்கொண்டுவர வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு. இவ்வாறு பணம் வாங்கியும் கடமை முடியாத பகுதிக்கு ஒப்பந்தப் பொறுப்பு என்று பெயர். அது இருப்புநிலைக் குறிப்பில் கடன்களின் பக்கம் நிற்கும்.

கையெழுத்துக்கு ஒரு பங்கு உண்டா?

முழுத் தொகையையும் முதல் ஆண்டில் எழுதக் கூடாது என்பதை ஏற்றுக்கொள்பவர்கள்கூட, ஒப்பந்தத்தை முடித்துத் தருவதே ஒரு பெரும் வேலை என்பதால் அதற்கென ஒரு பங்கையாவது முதல் ஆண்டில் எழுதலாமே என்று கேட்பது வழக்கம். இக்கேள்வி சென்னையில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு வரை சென்றிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு வாரம் விடுதியில் தங்கும் உரிமையைப் பல்லாண்டுகளுக்கு விற்கும் மகிந்திரா ஹாலிடேஸ் அண்டு ரிசார்ட்ஸ் நிறுவனம், உறுப்பினர் கட்டணத்தில் 60 விழுக்காட்டைச் சேரும் ஆண்டின் வருவாயாகவும், எஞ்சிய 40 விழுக்காட்டை உறுப்பினர் காலம் முழுவதற்கும் பரப்பியும் காட்டிவந்தது. வருமான வரித் துறையோ, கட்டணம் முழுவதும் சேரும் ஆண்டிலேயே வருமானம் ஆகிவிடுகிறது என்றது. வருங்காலம் முழுவதும் சேவை அளிக்க வேண்டிய ஒப்பந்தக் கடமை தொடர்வதால், தொடக்கத்தில் பெறத்தக்க தொகை முழுவதையும் அந்த ஓர் ஆண்டின் வருமானமாகக் கொள்ள முடியாது என்று 2010-இல் சிறப்பு அமர்வு முடிவு செய்தது.

அத்தீர்ப்பு அன்றைய வரிச் சட்டத்தையும் அன்று ஏற்கப்பட்டிருந்த கணக்கு முறையையும் ஒட்டியது. பின்னர் வந்த இண்ட் ஏ.எஸ். 115 ஒரு படி மேலே செல்கிறது. திருப்பித் தரத் தேவையில்லாத நுழைவுக் கட்டணம் பெறப்பட்டாலும், அதைப் பெற்ற நாளில் வாடிக்கையாளருக்குத் தனித்துப் பயன் தரும் பொருளோ சேவையோ கைமாறியதா என்று அது கேட்கிறது. உறுப்பினரைப் பதிவு செய்வதும், ஆவணங்களைத் தயாரிப்பதும், வண்டிகளின் எண்ணிக்கையை ஆய்வதும் நிறுவனத்துக்குச் செலவு வைக்கும் வேலைகளே ஆயினும், அவற்றால் மட்டும் வாடிக்கையாளருக்கு எதுவும் கிடைத்துவிடுவதில்லை. ஆகவே அந்தக் கட்டணம் பின்னர் அளிக்கவிருக்கும் சேவைக்கான முன்பணமாகவே கருதப்பட்டு, சேவைக் காலம் முழுவதற்கும் பரப்பப்படும். சாலை ஒப்பந்தத்துக்கும் இதே விடைதான்: கையெழுத்திட்டது உரிமையின் தொடக்கமே அன்றி நிறைவேற்றம் ஆகாது.

மாதம் 5.1 கோடி

காலப்போக்கில் எழுதுவது என்று முடிவான பின், முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி எழுகிறது. முடிந்த வேலையின் அளவைக் கொண்டோ, செலவிட்ட தொகையின் விகிதத்தைக் கொண்டோ, கடந்த காலத்தைக் கொண்டோ அளக்கலாம். கழகத்தின் கடமை சாலையை ஒவ்வொரு நாளும் கிடைக்கச் செய்வது என்பதால், வண்டிகள் மிகுந்து ஓடிய நாளிலும் குறைந்து ஓடிய நாளிலும் அக்கடமையின் அளவு மாறுவதில்லை. ஆகவே காலமே பொருத்தமான அளவுகோல். 918 கோடியை 180 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதத்துக்கு 5.1 கோடி, முழு ஆண்டுக்கு 61.2 கோடி வருகிறது. 2004 ஆகஸ்டை முழு மாதமாகக் கொண்டால், 2005 மார்ச் 31-இல் முடிந்த நிதியாண்டுக்கு உரியது எட்டு மாதப் பங்கான 40.8 கோடி மட்டுமே. மீதி 877.2 கோடி அன்றைய இருப்புநிலைக் குறிப்பில் ஒப்பந்தப் பொறுப்பாக நிற்கும்; ஒப்பந்தத்தின் ஐந்து ஆண்டுகள் முடியும் நாளில் அது 612 கோடியாகவும், பத்து ஆண்டுகள் முடியும் நாளில் 306 கோடியாகவும் குறைந்து, இறுதி நாளில் இல்லாமற்போகும்.

இந்த எளிய கணக்கு ஒன்றை விட்டுவிடுகிறது. பதினைந்தாம் ஆண்டில் அளிக்க வேண்டிய சேவைக்கான பணத்தை முதல் ஆண்டிலேயே பெற்றவர், உண்மையில் அந்தப் பணத்தை அத்தனை ஆண்டுகளும் வட்டியில்லாமல் கடனாக வைத்திருக்கிறார் என்பதே அது. பணம் கைமாறுவதற்கும் சேவை அளிக்கப்படுவதற்கும் இடையே ஓராண்டுக்கு மேல் இடைவெளி இருந்து, அதனால் கிடைக்கும் நிதிப் பயன் குறிப்பிடத்தக்கதாகவும் இருந்தால், அதைத் தனியே பிரித்துக் காட்ட வேண்டும் என்கிறது இண்ட் ஏ.எஸ். 115. வட்டி விகிதமாக, ஒப்பந்தத்தின் தொடக்கத்தில் அவ்விரு தரப்பும் தனியே ஒரு கடன் ஒப்பந்தம் செய்திருந்தால் எந்த விகிதம் அமைந்திருக்குமோ அதையே கொள்ள வேண்டும். பின்னர் சந்தை வட்டி ஏறினாலும் இறங்கினாலும் அந்த விகிதத்தை மாற்றக் கூடாது.

விளக்கத்துக்காக விகிதம் 10 விழுக்காடு என்றும், ஆண்டு முடிவில் கணக்கு எழுதப்படுகிறது என்றும் கொள்ளலாம். 918 கோடியை வட்டியுடன் 15 சமத் தவணைகளில் அடைப்பதானால் ஆண்டுத் தவணை சுமார் 120.7 கோடி வரும். அதுவே ஆண்டு வருவாய் ஆகிறது. முதல் ஆண்டில் 918 கோடியின்மீது 91.8 கோடி வட்டிச் செலவாக எழுதப்பட்டு ஒப்பந்தப் பொறுப்பு கூடுகிறது, பின் 120.7 கோடி வருவாயாக எழுதப்பட்டு அப்பொறுப்பு 889.1 கோடிக்கு இறங்குகிறது. பதினைந்தாம் ஆண்டிலும் வருவாய் அதே 120.7 கோடிதான், ஆனால் வட்டி சுமார் 11 கோடியாகச் சுருங்கியிருக்கும். வட்டிச் செலவைக் கழித்த பின் எஞ்சுவது முதல் ஆண்டில் 28.9 கோடி, கடைசி ஆண்டில் 109.7 கோடி. பதினைந்து ஆண்டுகளின் மொத்த வருவாய் சுமார் 1,810 கோடியாகவும், மொத்த வட்டி சுமார் 892 கோடியாகவும் அமைந்து, இரண்டின் வேறுபாடு கையில் பெற்ற அதே 918 கோடிக்கு வந்து சேர்கிறது.

இரு முறைகளிலும் மொத்தம் ஒன்றே ஆயினும் ஆண்டுகளின் தோற்றம் முற்றிலும் வேறுபடுகிறது. சமமாகப் பரப்பும் முறையில் எல்லா ஆண்டும் 61.2 கோடி; வட்டியைப் பிரிக்கும் முறையில் வருவாய் எண் ஏறத்தாழ இரு மடங்கு, ஆனால் முதல் ஆண்டின் லாபம் பாதிக்கும் குறைவு. ஒரு நிறுவனத்தின் வருவாய் வளர்ந்ததாகக் காட்டும் எண்ணுக்குப் பின்னால் இத்தகைய வட்டி இருக்கிறதா என்று நிதிச் செலவுக் குறிப்பையும் சேர்த்துப் பார்க்காத வாசகர் தவறான முடிவுக்கு வர நேரும்.

பத்து ஆண்டு ஒப்பந்தம், பன்னிரண்டு நிதியாண்டு

2004-ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 2019-இல் முடிந்தபின், 2020-இல் அதே சாலைகளுக்கான உரிமை மீண்டும் ஐ.ஆர்.பி. குழுமத்துக்கே 8,262 கோடி ரூபாய்க்குச் சென்றது. இம்முறை காலம் 2020 மார்ச் 1 தொடங்கி 2030 ஏப்ரல் வரையிலான 10 ஆண்டு 2 மாதம். பணமும் ஒரே முறையில் அன்றி 6,500 கோடி முன்பணம், பின்வரும் ஆண்டுகளில் 850 கோடி, 850 கோடி, 62 கோடி எனத் தவணைகளாகத் திட்டமிடப்பட்டது. பணம் வரும் ஒழுங்குக்கும் வருவாய் எழுதும் ஒழுங்குக்கும் தொடர்பில்லை என்பதை இந்த ஒப்பந்தம் இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது.

வட்டியை ஒதுக்கிவைத்து 8,262 கோடியை 122 மாதங்களுக்குப் பரப்பினால் மாதப் பங்கு 67.72 கோடி. ஒப்பந்தம் தொடங்கிய 31-ஆம் நாளிலேயே நிதியாண்டு முடிந்துவிடுவதால், 2019–20-ஆம் நிதியாண்டுக்கு ஒரு மாதப் பங்கான 67.72 கோடி மட்டுமே உரியது. அதன்பின் 2020–21 முதல் 2029–30 வரை பத்து நிதியாண்டுகளுக்கும் ஆண்டுக்கு 812.66 கோடி வீதம் வரும். கடைசி மாதமான 2030 ஏப்ரல் புதிய நிதியாண்டில் விழுவதால் 67.72 கோடி 2030–31-க்குச் செல்லும். பத்தேகால் ஆண்டுகூட இல்லாத ஓர் ஒப்பந்தம் பன்னிரண்டு நிதியாண்டுகளைத் தொடுகிறது. முன்பணம் எந்த நாளில் வந்து சேர்ந்தாலும், தவணை ஒன்று தாமதமானாலும், இந்த வருவாய் வரிசை மாறாது. இருப்புநிலைக் குறிப்பில் நிற்கும் பொறுப்பின் அளவு மட்டுமே மாறும்.

ஒப்பந்தக் காலமே மாறினால் நிலைமை வேறு. முன்னைய ஒப்பந்தத்தில் பத்து ஆண்டுகள் முடிந்து 306 கோடி எஞ்சியிருக்கும்போது, ஏதோ ஓர் இழப்புக்கு ஈடாகக் கூடுதல் பணமின்றி ஆறு மாத நீட்டிப்பு அளிக்கப்பட்டதாகக் கொண்டால், எஞ்சிய தொகை 60 மாதங்களுக்குப் பதிலாக 66 மாதங்களுக்குப் பரப்பப்பட்டு, மாதப் பங்கு 5.1 கோடியிலிருந்து சுமார் 4.64 கோடிக்குக் குறையும். ஏற்கெனவே முடிந்த பத்து ஆண்டுகளின் கணக்கைத் திருத்த வேண்டியதில்லை. ஏனெனில் இனி அளிக்கும் ஒவ்வொரு நாளின் சேவையும் முன்பு அளித்தவற்றிலிருந்து பிரித்தறியத்தக்கது. கட்டி முடிக்காத ஒரே பாலம் போன்ற பிரிக்க முடியாத வேலையில் மாற்றம் வந்தால் மட்டுமே, அதுவரை எழுதிய வருவாயையும் மாற்றம் நிகழ்ந்த நாளிலேயே சேர்த்துத் திருத்த வேண்டும்.

மறுபக்கத்தின் கணக்கு

அதே ஒப்பந்தத்தைச் சுங்கம் வசூலிக்கும் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் படம் தலைகீழாகிறது. அந்நிறுவனத்துக்கு 918 கோடியோ 8,262 கோடியோ வருவாய் அல்ல, உரிமையின் விலை. தொட்டுப் பார்க்க முடியாத ஆனால் பணம் ஈட்டித் தரும் உரிமை என்பதால் அது அருவச் சொத்தாக எழுதப்பட்டு, உரிமைக் காலம் முழுவதும் படிப்படியாகச் செலவாகக் கழிக்கப்படும். அதன் வருவாயோ உர்சே, சோமாட்டணே போன்ற சுங்கச்சாவடிகளைக் கடக்கும் ஒவ்வொரு வண்டியும் செலுத்தும் கட்டணம். வண்டி சாலையைப் பயன்படுத்தும் அந்த நேரத்திலேயே கடமை நிறைவேறிவிடுவதால், வருவாயும் அன்றே எழுதப்படுகிறது. விரைவுச்சாலையின் முழு நீளத்துக்கும் காருக்கான கட்டணம் 2023 ஏப்ரல் 1 அன்று 270 ரூபாயிலிருந்து 320 ரூபாயாக உயர்ந்தது. ஆண்டுக்கு 6 விழுக்காடு வீதம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்து உயர்த்தும் திட்டத்தின்படி வந்த உயர்வு அது. இந்த உயர்வு முன்கூட்டியே தெரிந்திருந்தாலும், அதை முந்தைய ஆண்டுகளுக்குப் பரப்பிச் சராசரி வருவாயாக எழுத நிறுவனத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு வண்டியும் தனித்தனி வாடிக்கையாளர் என்பதே காரணம்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து, தேசிய நெடுஞ்சாலைகளில் சுங்க வசூல் ஏப்ரல் 20 வரை நிறுத்தப்பட்டபோது இந்த இரு பக்கங்களின் வேறுபாடு வெளிப்பட்டது. வசூல் நின்ற நாள்களில் சுங்க நிறுவனத்தின் வருவாய் வெறும் பூச்சியம்; உரிமையை அளித்த தரப்பின் வருவாயோ, ஒப்பந்தக் காலம் திருத்தப்படும்வரை நாள்தோறும் சேர்ந்துகொண்டே இருக்கும்.

பராமரிப்பிலும் இதே பிரிவு தெரிகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாலைக்குப் புதிய தார்ப்பூச்சு இட வேண்டும் என்று ஒப்பந்தம் கட்டாயப்படுத்தும்போது, சுங்கத்தை நம்பியுள்ள நிறுவனம் அதைத் தனி வருவாயாகக் காட்ட முடியாது. ஐந்தாம் ஆண்டில் 100 கோடி செலவாகும் என்று மதிப்பிட்டால், தேய்மானம் நேரும் ஐந்து ஆண்டுகளிலும், தள்ளுபடி வட்டியை விட்டுப் பார்த்தால், ஆண்டுக்கு 20 கோடி வீதம் ஒதுக்கீடாகச் சேர்த்துவர வேண்டும். சாலைக்கான பணத்தை அரசே தவணைகளில் தரும் வகை ஒப்பந்தமானால், அதே தார்ப்பூச்சு அரசுக்கு அளிக்கும் தனிச் சேவை ஆகி, அது செய்யப்படும் காலத்தில் அதற்குரிய வருவாயும் எழுதப்படும். இயந்திரங்களும் தாரும் ஆட்களும் ஒன்றே. பணம் செலுத்துபவர் யார் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது.

ஆண்டறிக்கையில் எங்கே பார்ப்பது?

பல்லாண்டு ஒப்பந்தங்களில் நேரும் பிழை பெரும்பாலும் ஒரே திசையில்தான் செல்கிறது: பின்னால் வர வேண்டிய வருவாய் முன்னால் இழுக்கப்படுகிறது. கட்டணத்தின் ஒரு பகுதிக்கு நுழைவு, நிறுவுதல், பதிவு என்று வேறு பெயர் சூட்டி முதல் ஆண்டில் எழுதுவது ஒரு வழி. மீதமுள்ள வேலையின் மதிப்பீட்டைக் குறைத்துக் காட்டி, முடிந்த பங்கின் விகிதத்தை உயர்த்துவது மற்றொரு வழி. முதலாவதில் ஒப்பந்தப் பொறுப்பு காலத்தைவிட வேகமாகக் கரையும். 15 ஆண்டு ஒப்பந்தம் ஒன்றில் ஐந்தாம் ஆண்டின் முடிவில் 612 கோடி நிற்க வேண்டிய இடத்தில் 400 கோடி நின்றால், இடையே 212 கோடி எந்தக் கடமைக்காக எழுதப்பட்டது என்று நிறுவனம் விளக்க வேண்டும். இரண்டாவதில், வேலை முடிந்ததாக எழுதியும் விலைச்சீட்டு அனுப்பாத தொகை விற்பனையைவிட விரைவாக வளரும்.

இதைக் கண்டறியத் தேவையான எண்களை வெளியிடும்படி இண்ட் ஏ.எஸ். 115 நிறுவனங்களைப் பணிக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் இருந்த ஒப்பந்தப் பொறுப்பில் அந்த ஆண்டு வருவாயாக மாறியது எவ்வளவு, இன்னும் நிறைவேற வேண்டிய கடமைகளின் மொத்த விலை எவ்வளவு, அது எந்தெந்தக் காலத்தில் வருவாயாகும் என்பவை நிதிநிலை அறிக்கையின் குறிப்புகளில் இடம்பெற வேண்டும். புனேயின் மென்பொருள் நிறுவனமோ, சென்னையின் விடுதி நிறுவனமோ, நெடுஞ்சாலையை நடத்தும் நிறுவனமோ எதுவாயினும், பங்கு வாங்க எண்ணுபவர்கள் லாப நட்டக் கணக்கின் முதல் வரியை நம்புவதற்கு முன், தொடர்ந்து மூன்று ஆண்டுகளின் இந்தக் குறிப்புகளை அருகருகே வைத்து, பொறுப்பு குறையும் வேகமும் ஒப்பந்தக் காலம் கழியும் வேகமும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும்.